பென்ஷன் கொஞ்சம், கையில 4 லட்சம்: வீட்டுல இருந்தே என்ன பண்ணலாம்?

"எனக்கு 53 வயசு. கணவர் தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. குடும்ப பென்ஷன் 9,800 வருது, சின்னதா சொந்த வீடு இருக்கு, இன்சூரன்ஸ் பணம் 4 லட்சம் பேங்க்ல இருக்கு. பையன் சென்னைல, பொண்ணு கட்டிக்குடுத்தாச்சு. யார் கிட்டயும் கை நீட்டாம வீட்டுல இருந்தே பாதுகாப்பா ஏதாவது பண்ணணும். பாக்குமட்டை தட்டு மிஷின் வாங்குங்க, செய்யற தட்டை நாங்களே திரும்ப எடுத்துக்கறோம்னு ஒருத்தர் சொல்றார், வெள்ளிக்கிழமைக்குள்ள 20,000 அட்வான்ஸ் கேக்கறார். அது பண்ணலாமா, இல்ல தையல், மாவு மாதிரி ஏதாவதா?"

தங்கச்சி, எனக்கு 62 ஆகுது அதனால உரிமையா கூப்பிடறேன். முதல்ல அந்த 20,000த்தை குடுக்காதீங்க, மீதியை நிதானமா பேசுவோம். நான் 9 வருஷம் மகளிர் குழுக்களுக்கு கணக்கு எழுதி பயிற்சி குடுத்துட்டு இருந்தவ, என் வீட்டுக்காரர் போனதுக்கு அப்புறம் 12 வருஷமா திண்டுக்கல்ல வீட்டுலயே இட்லி மாவு அரைச்சு விக்கறேன். அதனால மாவு பத்தி சொல்றது கைப்பட தெரிஞ்சது, மத்ததெல்லாம் குழுக்கள்ல பாத்தது, அப்படியே பிரிச்சு எடுத்துக்கோங்க.

மிஷின் விஷயத்தை சொல்லிடறேன். பாக்குமட்டை தட்டு நல்ல பொருள் தான், கல்யாண வீட்டுல கேக்கறாங்க தான், தப்பு அந்த "திரும்ப எடுத்துக்கறோம்"ங்கற வார்த்தைல இருக்கு. மிஷின் விக்கறவருக்கு லாபம் மிஷினை வித்த அன்னிக்கே வந்துடும், உங்க தட்டை வாங்கி அவருக்கு ஆகவேண்டியது ஒண்ணுமில்ல. எங்க குழுவுல ஒரு அம்மா இப்படி தான் 1,60,000 குடுத்து மிஷின் வாங்கினாங்க, முதல் ரெண்டு லோடு ஒழுங்கா எடுத்துட்டு பணமும் குடுத்தாங்க, அதை பாத்து பக்கத்து தெருவுல இன்னும் மூணு பேர் வாங்கினாங்க, மூணாவது லோடுல ஓரம் சரியில்ல ஈரம் இருக்குன்னு திருப்பிட்டாங்க, அதுக்கு அப்புறம் போன் எடுக்கல. அக்ரிமெண்ட்டை வாங்கி படிச்சா "கம்பெனி தரத்துக்கு ஏத்தபடி இருந்தா"ன்னு ஒரு வரி, அந்த தரம் என்னன்னு எங்கயும் எழுதல. 2012ல ஈரோடு பக்கம் ஈமு கோழியில எத்தனை குடும்பம் போச்சுன்னு உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், அதுவும் இதே பாட்டு தான், நீங்க வளருங்க நாங்க எடுத்துக்கறோம்னு. அந்த ஆளு கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, மிஷினை நான் வாங்கல, வாடகைக்கு குடுங்க, நீங்க எடுக்கற தட்டுக்கான காசுல வாடகையை கழிச்சுக்கோங்கன்னு. தட்டுல உண்மையிலயே லாபம் பாக்கறவரா இருந்தா யோசிப்பார். மழுப்பினா புரிஞ்சுக்கோங்க.

இதே ஜாதி தான் வீட்டுல இருந்தே டைப்பிங், பென்சில் பேக்கிங்னு வாட்ஸப்ல வர்றதும். வேலை குடுக்கறவன் நமக்கு காசு தரணும், நாம கட்டணும்னு சொன்னா அங்கயே விட்டுடுங்க. டைப்பிங்ல இன்னொரு கொடுமை, முதல்ல ஒரு அக்ரிமெண்ட்ல கையெழுத்து வாங்கிட்டு அப்புறம் வேலைல தப்பு இருக்கு, கேஸ் போடுவோம், வக்கீல் நோட்டீஸ் வரும்னு மிரட்டி காசு பிடுங்குவாங்க. அப்படி யாராவது மாட்டியிருந்தா 1930க்கு போன் பண்ணலாம், cybercrime.gov.in ல புகார் குடுக்கலாம், பணம் போன அன்னிக்கே பண்ணினா தான் கொஞ்சமாவது பலன்.

இப்ப அந்த 4 லட்சம். தொழிலுக்குன்னு அதை தொடாதீங்க. நான் எல்லாருக்கும் சொல்ற அளவு ஒண்ணு தான், நீங்க ஆரம்பிக்கற வேலை மொத்தமா ஊத்திக்கிட்டா போகக்கூடிய பணம் உங்க ஒரு மாச பென்ஷனுக்கு மேல இருக்கக்கூடாது, அதாவது உங்களுக்கு 9,800. அந்த அளவுல ஆரம்பிக்க முடியாத தொழிலா இருந்தா அது வேற யாருக்கோ ஆன தொழில். 4 லட்சத்துல 50,000 சேவிங்ஸ்ல வச்சுக்கோங்க, உடம்புக்கு ஒண்ணுன்னா பையனுக்கு போன் பண்றதுக்கு முன்னாடி ஆட்டோ ஏறி போறதுக்கு. மீதி 3,50,000த்தை போஸ்ட் ஆபீஸ் மாதாந்திர வருமான திட்டத்துல போட்டா இப்ப இருக்கற 7.4 சதவீத வட்டிக்கு மாசம் 2,158 ரூபாய் வரும். அரசு காலாண்டுக்கு ஒருதரம் வட்டியை மாத்தலாம், ஆனா நீங்க போட்ட அன்னிக்கு இருந்த வட்டி உங்களுக்கு 5 வருஷமும் மாறாது. ஒரு வருஷத்துக்குள்ள எடுக்க முடியாது, அதுக்கு அப்புறம் 3 வருஷத்துக்குள்ள எடுத்தா அசல்ல 2 சதவீதம், 3 வருஷத்துக்கு மேலன்னா 1 சதவீதம் பிடிப்பாங்க. அதான் அந்த 50,000த்தை வெளிய வைக்க சொல்றேன். 8.2 சதவீதம் தர்ற சீனியர் சிட்டிசன் திட்டம் ஒண்ணு இருக்கு, பொதுவா அது 60 ஆனவங்களுக்கு, இந்த 5 வருஷம் முடியறப்போ உங்களுக்கு 58 தான் ஆகியிருக்கும், அதனால 60 ஆனதுக்கு அப்புறம் மாத்திக்கலாம். நாமினி பேர் எழுதாம வந்துடாதீங்க.

நிறைய பேர் பயப்படற விஷயம் ஒண்ணு, நாம சம்பாதிச்சா பென்ஷனை நிறுத்திடுவாங்களோன்னு. கணவரோட வேலைக்காக மனைவிக்கு வர்ற குடும்ப பென்ஷனுக்கும் நீங்க மாவு விக்கறதுக்கும் சம்பந்தமில்ல, பிஎஃப்ல இருந்து வர்ற விதவை பென்ஷனும் அப்படி தான். ஆதரவற்ற விதவைகளுக்கு தாலுகா ஆபீஸ் வழியா வர்ற உதவித்தொகை வேற கணக்கு, அது வருமானம் இல்லாதவங்களுக்குன்னே வச்சது, உங்களுது அது இல்ல. வருஷா வருஷம் உயிரோட இருக்கேன்னு காட்டற நேர்காணலை மட்டும் தவற விடாதீங்க, பென்ஷன் நிக்கறது பெரும்பாலும் அதுல தான்.

ஆக பென்ஷனும் வட்டியும் சேர்ந்து 12,000 பக்கம் ஆச்சு. இன்னும் ஒரு 4,000 வந்தா நிம்மதியா இருப்பீங்கன்னு நினைக்கறேன், அந்த 4,000த்துக்கு தான் இப்ப வேலை தேடறோம். இதை முதல்ல தெளிவு பண்ணிக்கறது நல்லது, ஏன்னா மாசம் 30,000 வேணும்னா வழியே வேற, ஆள் வேணும் கடன் வேணும், நீங்க கேட்ட பாதுகாப்பு அதுல இருக்காது.

தையல் ஏற்கனவே கைப்பழக்கம் இருந்தா அருமையான வேலை, முக்கியமா சேலைக்கு ஃபால்ஸ் வைக்கறது, ஓரம் அடிக்கறது, பழசை பிரிச்சு பெருசாக்கறது. ப்ளவுஸ் தைக்கறவங்க இதையெல்லாம் தொல்லைன்னு தள்ளி விடுவாங்க, அதனால வந்துகிட்டே இருக்கும். ஆனா 53 வயசுல புதுசா கத்துக்கிட்டு அளவு ப்ளவுஸ்ல போட்டி போடறது கஷ்டம், ஒரு பட்டு ப்ளவுஸ் துணியை கெடுத்தா ஒரு வார சம்பாத்தியம் போச்சு. கத்துக்கணும்னா காசு குடுத்து எங்கயும் சேராதீங்க, பேங்க்குகள் நடத்தற ஊரக சுயதொழில் பயிற்சி நிலையம் மாவட்டத்துக்கு ஒண்ணு இருக்கு, அங்க இலவசமாவே சொல்லிக் குடுக்கறாங்க, ஆனா வயசு வரம்பு உண்டு, உங்க வயசுக்கு சேத்துக்குவாங்களான்னு முதல்ல கேட்டுக்கோங்க. வீட்டுல ஒரு போர்ஷனை வாடகைக்கு விட முடிஞ்சா அது எல்லாத்தையும் விட சுலபம் தான், ஆனா வாங்கற அட்வான்ஸை செலவு பண்ணிட்டு காலி பண்றப்போ பையன் கிட்ட கேட்டு நின்ன அம்மாக்களை பாத்திருக்கேன், அதை தனியா டெபாசிட்ல போட்டுடணும்.

மாவுக்கு வரேன். ஏன் இதை சொல்றேன்னா, அரைக்கற அன்னிக்கே காசு கைக்கு வந்துடும், உடம்பு முடியலன்னா நாளைக்கு அரைக்காம இருக்கலாம், வேணாம்னு விட்டா கிரைண்டர் வீட்டுக்கு தான் ஆகும். வீட்டுல இருக்கற 2 லிட்டர் கிரைண்டரே ஆரம்பத்துக்கு போதும்.

கணக்கை என் நோட்டுல இருக்கற மாதிரியே எழுதறேன், உங்க ஊர் விலையை நீங்க மாத்தி போட்டுக்கோங்க. இட்லி அரிசி 3 கிலோ, 45 வீதம் 135. உருட்டு உளுந்து முக்கால் கிலோ, கிலோ 130ன்னா 98. வெந்தயம் உப்பு 6. கவர் கரண்ட் எல்லாம் சேர்ந்து ஒரு 20. மொத்தம் 259 ரூபாய். இதுல ஏறக்குறைய 8 கிலோ மாவு வரும், அதாவது கிலோ 32 ரூபாய் சொச்சம் அடக்கம். எங்க தெருவுல கிலோ 45க்கு போகுது, அப்ப 8 கிலோவுக்கு 360, கையில நிக்கறது 101 ரூபாய். நல்லா இருக்கே இதுன்னு தோணும். ஒரு கிலோ விக்காம நின்னா என்ன ஆகுதுன்னு பாருங்க, 45 போச்சு, மீதி 56. ரெண்டு கிலோ நின்னா 11 ரூபாய்க்கு நாள் பூரா வேலை பாத்திருக்கீங்க. மாவு தொழில்ல நஷ்டம் வர்றது அரிசி விலையால இல்ல, மிஞ்சிப்போற அந்த ஒண்ணு ரெண்டு கிலோவால தான், இது எனக்கு புரியவே நாலஞ்சு மாசம் ஆச்சு, அது வரைக்கும் நிறைய அரைச்சா நிறைய லாபம்னு நினைச்சுட்டு இருந்தேன்.

அதனால நான் எப்பவும் கேக்கறதை விட ஒரு கிலோ கம்மியா தான் அரைப்பேன். ஆறு மணிக்கு வந்து தீர்ந்துடுச்சான்னு ரெண்டு பேர் திரும்பி போகட்டும், நாளைக்கு அஞ்சு மணிக்கே தூக்குவாளியோட வருவாங்க. அப்புறம் அரை கிலோ 25 ரூபாய்னு வைங்க. வயசானவங்க ரெண்டு பேர் இருக்கற வீடு, தனியா இருக்கற பசங்க எல்லாம் அரை கிலோ தான் கேப்பாங்க, அதுல கிலோவுக்கு 50 ஆயிடுது. ஒரு நாளைக்கு 12 கிலோ, அதுல பாதி அரை கிலோவா போனா, அடக்கம் போக 180 ரூபாய் பக்கம் நிக்கும், மாசம் 25 நாள்னா 4,500. அங்க இங்க ஒண்ணு கெட்டுப்போறது போக நான் சொன்ன 4,000 வந்துடும். அதுக்கு மேல போகணும்னா உதவிக்கு ஆள் வைக்கணும், நாளைக்கு 100 ரூபாய் குடுத்தா கூட நீங்க கூட்டற லாபம் அவங்களுக்கே போயிடும், அப்புறம் 20 கிலோ, 25 கிலோன்னு ஓட வேண்டி வரும். ஒத்தை ஆளா 12 கிலோவுல நிக்கறது தான் என் அனுபவத்துல சரியான இடம். நானும் ஒரு காலத்துல 30 கிலோ வரைக்கும் போனேன், தோள்பட்டை பிடிச்சுக்கிட்டு பிசியோதெரபிக்கு குடுத்த காசை கணக்கு பாத்துட்டு இறங்கி வந்துட்டேன்.

12 கிலோன்னா நாலரை கிலோ அரிசி, 2 லிட்டர் கிரைண்டர்ல நாலஞ்சு தடவையா தான் ஓட்டணும், நடுவுல மோட்டார் ஆற விடணும், இல்லன்னா கருகின வாடை வரும். அதனால முதல் ரெண்டு மாசம் 5 கிலோவோட நில்லுங்க, தெரு பிடிச்சதுக்கு அப்புறம் அந்த மாவு காசுலயே பெரிய கிரைண்டர் வாங்கிக்கலாம், சாய்க்கற மாதிரி இருக்கறதை வாங்குங்க, கல்லைத் தூக்கி எடுக்கற வேலை நம்ம வயசுக்கு ஆகாது. பெரிய மோட்டார் போடறதுக்கு முன்னாடி மின்வாரிய பிரிவு ஆபீஸ்ல வீட்டு இணைப்புல ஓட்டலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு போடுங்க.

என்னோட ஒரு நாள் எப்படின்னா, காலைல ஆறு மணிக்கு அரிசியை ஊறப்போடுவேன், உளுந்தை ஒன்பதரை மணிக்கு. உளுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல ஊறினா மாவு பொங்கறது குறையுது, இது என் கை கண்டது. பத்தரைக்கு உளுந்தை போட்டு ஐஸ் தண்ணியை கொஞ்சம் கொஞ்சமா தெளிச்சு அரை மணி நேரம் விடுவேன், ஒரு கிண்ணத்துல தண்ணி வச்சு ஒரு சொட்டு மாவை விட்டா மிதக்கணும், மூழ்கினா இன்னும் ஆகல. எவ்வளவு விட்டும் பந்து மாதிரி வரலன்னா உளுந்து பழசு, கடைக்காரர் கிட்ட அடுத்த தடவை புது உளுந்து கேளுங்க, விலை அஞ்சு ரூபாய் கூட இருந்தாலும் மாவு அளவுல அது திரும்பி வந்துடும். ரெண்டு மணிக்குள்ள அரிசியும் அரைச்சு முடிச்சு, கிரைண்டர் கழுவி, ஒரு மணி நேரம் கால் நீட்டி படுத்துட்டு நாலு மணிக்கு ஜன்னலை திறந்தா ஏழு மணிக்கு சாத்திடுவேன்.

முதல் வருஷம் மே மாசம் நடந்ததை சொல்லணும். ஒரே பெரிய எவர்சில்வர் அண்டாவுல 14 கிலோ கலந்து வச்சுட்டு மதியம் ஒரு சாவு வீட்டுக்கு போயிட்டு வந்தேன், அஞ்சு மணிக்கு வந்து பாத்தா அண்டா பொங்கி தரையெல்லாம் மாவு, மிச்சம் இருந்தது மூக்கை பொத்தற அளவு புளிப்பு. வாங்க வந்தவங்க முன்னாடி அழுகையே வந்துடுச்சு. அன்னிக்கு அடக்கம் மட்டும் 400 ரூபாய்க்கு மேல போச்சு. அதுல இருந்து வெயில் காலத்துல வெந்தயத்தை பாதியா குறைச்சேன், கையால கலக்கறதை விட்டு கரண்டியால கலக்கறேன், மூணு நாலு சின்ன தூக்குல பிரிச்சு பாதியை உடனே பிரிட்ஜ்ல வச்சுடறேன். மார்கழில நேர் மாறா, மாவு பொங்காம கல்லு மாதிரி கிடக்கும், அப்ப கையால கலக்கி அடுப்பு பக்கத்துல வைக்கணும். மிஞ்சின மாவை மறுநாள் புது மாவுல மட்டும் கலந்துடாதீங்க, எல்லாமே புளிச்சு போயிடும், வாடிக்கை ஒரே நாள்ல போயிடும். தோசை மாவுன்னு சொல்லி 35க்கு குடுத்துடுங்க, ஊத்தப்பத்துக்கு அதையே தேடி வர்றவங்க உண்டு.

எந்த நாள் எவ்வளவு போகும்னு காலண்டரை பாத்தே சொல்லிடலாம். சனிக்கிழமை சாயங்காலம் ஒண்ணரை மடங்கு. அமாவாசை, கிருத்திகை அன்னிக்கு ராத்திரி பலகாரம் சாப்பிடற வீடு நிறைய, அன்னிக்கும் கூட போகும். பொங்கல் ரெண்டு நாள் சுத்தமா படுத்துடும். லீவு விட்டு ஊருக்கு போற வாரத்துல பாதி தான். இதை ஒரு நோட்டுல ஆறு மாசம் எழுதி வச்சீங்கன்னா மிஞ்சறது தானா குறைஞ்சிடும்.

இனி சந்தேகமான பகுதி. மேல சொன்னதெல்லாம் எந்த ஊர்லயும் நிக்கும், ஆனா உங்க தெருவுல விக்குமாங்கறது தெருவை பாத்தா தான் தெரியும். ஒரு நாள் சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் நடந்து போய் பாருங்க, பக்கத்துல எத்தனை கடைல மாவு வைக்கறாங்க, ஏழு மணிக்கு அவங்க கிட்ட மிச்சம் இருக்கா தீர்ந்துடுச்சா. தீர்ந்திருந்தா உங்களுக்கு இடம் இருக்கு. அப்புறம் பத்து வீட்டுக்கு அரை கிலோ வீதம் குடுங்க, இலவசமா வேணாம், இலவசமா குடுத்தா எல்லாரும் நல்லா இருக்குன்னு தான் சொல்வாங்க. 25 ரூபாய் வாங்கிக்கிட்டே குடுங்க. அதுல ஆறு பேர் அந்த வாரமே ரெண்டாவது தடவை கேட்டு வந்தா ஆரம்பிக்கலாம், மூணு பேருக்கு கீழன்னா வேற யோசிப்போம், அது வரைக்கும் உங்க செலவு 200 ரூபாய் கூட ஆகியிருக்காது.

காகித வேலை கொஞ்சம் தான். உணவு பொருள் எது வித்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேணும், வீட்டுல பண்ணினாலும் தான். நான் எடுத்தப்போ வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள்ளன்னா வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டற சாதாரண பதிவு, foscos.fssai.gov.in ல போட்டோவும் ஆதாரும் வச்சு நாமளே பண்ணலாம், இ-சேவை மாதிரி இடத்துல பண்ணினாலும் கூட கொஞ்சம் தான் வாங்கணும். எடுத்து தரேன்னு 3,000, 4,000 கேக்கற புரோக்கரை அனுப்பி வைங்க. கவர்ல கட்டி சீல் போட்டு கடைக்கு குடுக்க போனா எடை, தேதி, விலை, விலாசம், இந்த பதிவு எண் எல்லாம் அச்சடிக்கணும், அதனால தொடக்கத்துல அந்த பக்கமே போகாதீங்க. வீட்டு வாசல்ல, அவங்க கொண்டு வர்ற பாத்திரத்துல ஊத்தி குடுங்க. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்தே பிளாஸ்டிக் பைக்கு தடை, பாத்திரத்தோட வந்தா ஒரு ரூபாய் குறைப்பேன்னு சொன்னா எல்லாரும் கொண்டு வந்துடறாங்க. கடைக்கு போட்டா கமிஷன் போக மிஞ்சினதை திருப்பியும் அனுப்புவாங்க, அந்த கணக்கு நமக்கு ஆகாது.

தனியா இருக்கற பொம்பளைங்கறதால இதையும் சொல்றேன், வியாபாரம் ஜன்னல்லயோ திண்ணையிலயோ இருக்கட்டும், கிரில் பூட்டியே இருக்கட்டும், தண்ணி குடுங்கம்மான்னு கேட்டாலும் ஜன்னல் வழியா தான். அரிசி மூட்டை கொண்டு வர்ற பையனை கூட திண்ணைல இறக்க சொல்லிடுவேன்.

கடன் கேக்கறது தெரிஞ்சவங்க தான், அதுவும் சொந்தக்காரங்க தான் முதல்ல. நான் ஒரு வழி வச்சிருக்கேன், மாசத்துக்கு 500 முன்கூட்டியே குடுங்க, நோட்டுல கழிச்சுக்கறேன், கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைச்சு தரேன்னு சொல்வேன். பாதி பேர் ஒத்துக்குவாங்க, மீதி பேர் காசோட வருவாங்க.

நீங்க யார் கிட்டயும் கை நீட்டாமன்னு எழுதினீங்க இல்ல, அதுக்கு மாவை விட முக்கியமான ஒரு இடம் இருக்கு. ஜி-பே ஸ்கேன் அட்டை. பெரும்பாலான வீட்டுல பையன் தான் வந்து ஒட்டிக் குடுப்பான், அன்பா தான் பண்ணுவான், ஆனா அது அவன் நம்பர், அவன் அக்கவுண்ட். நாள் பூரா நாம அரைக்கறோம், காசு சென்னைல ஏறுது, அப்புறம் அரிசி வாங்க அவன் கிட்ட கேக்கணும். எங்க குழுவுலயே நாலு பேருக்கு இப்படி இருந்துச்சு, பையன் கெட்டவன் இல்ல, அவனுக்கு அது யாரோட காசுன்னே கணக்கு இல்ல. உங்க பேர்ல சிம், உங்க பேர்ல அக்கவுண்ட், அதுவும் பென்ஷன் வர்ற அக்கவுண்ட்டா இருக்கக்கூடாது, வேற ஒரு சின்ன சேவிங்ஸ் அக்கவுண்ட்ல மாவு காசு மட்டும் வரட்டும். ஸ்கேன் பண்ணி தப்பா ஏதாவது அழுத்தி போனாலும் பென்ஷன் பத்திரமா இருக்கும், மாசக் கடைசில மாவு எவ்வளவு குடுத்துச்சுன்னும் கலக்காம தெரியும். காசு வாங்கறதுக்கு பின் நம்பர் போட வேண்டியதே இல்ல, யாராவது காசு அனுப்பியிருக்கேன் பின் போடுங்கன்னு சொன்னா அது உங்க காசை எடுக்கறதுக்கு.

கூட ஒரு விஷயம், யாருக்கும் ஜாமீன் கையெழுத்து போடாதீங்க, மைக்ரோ பைனான்ஸ் குழுவுல சேர்ந்தா அடுத்தவங்க தவணை நம்ம தலைல விழும். பென்ஷன் வர்ற பொம்பளைன்னு தெரிஞ்சா தேடி வந்து குழுவுல சேத்துக்குவாங்க, ஏன்னா மாசா மாசம் கட்டக்கூடிய ஒரே ஆள் நீங்க தான்.

வெள்ளிக்கிழமை அந்த மிஷின்காரர் போன் பண்ணினா வாடகைக்கு குடுங்கன்னு மட்டும் கேளுங்க. சனிக்கிழமை சாயங்காலம் தெருவுல நடந்து எண்ணிட்டு வாங்க, எத்தனை கடை, ஏழு மணிக்கு எத்தனைல மாவு மிச்சம், அரிசி உளுந்து உங்க ஊர்ல என்ன விலை, இதை எழுதுங்க, உங்க கணக்கை நான் போட்டு தரேன்.